ஒப்பந்தத்தோடு போகும் மெயில்

கேள்வி: தனியாக வெப்சைட் டிசைன் செய்து தருகிறேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியோடு எல்லாம் பேசி முடித்தாச்சு, ஒப்பந்தமும் தயார். கையெழுத்துக்கு அனுப்பும்போது மெயிலில் "இணைப்பைப் பார்க்கவும்" என்று போட்டால் போதாதா? வேறு என்ன எழுதணும்?

பதில்:

போதாது. பிற்பாடு தகராறு என்று வந்தால் ஒப்பந்தத்தை மட்டும் எடுத்து வைத்துப் பார்க்க மாட்டார்கள், அதோடு போன மெயிலையும் சேர்த்துத்தான் பார்ப்பார்கள். டிரைமெக்ஸ் என்ற நிறுவனத்துக்கும் வேதாந்தா அலுமினியத்துக்கும் இடையே நடந்த பாக்சைட் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: முக்கியமான நிபந்தனைகளை மெயிலிலேயே பேசி ஒப்புக்கொண்டுவிட்டால், முறையான ஒப்பந்தத்தில் கையெழுத்து விழவில்லை என்பதற்காக ஒப்பந்தமே இல்லை என்று சொல்ல முடியாது. ஆகவே நீங்கள் எழுதும் நாலு வரிக்கும் எடை உண்டு.

இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872இல் வந்தது என்றாலும் இந்த மெயிலுக்கு அப்படியே பொருந்துகிறது. அதன் 6ஆம் பிரிவின்படி, ஒப்புதலுக்கு நீங்கள் ஒரு காலக்கெடு வைத்திருந்தால், அது தாண்டியதும் உங்கள் முன்மொழிவு காலாவதியாகிவிடும். 7ஆம் பிரிவின்படி, ஒப்புதல் முழுமையாக, எந்த நிபந்தனையும் சேர்க்காமல் இருக்க வேண்டும். எந்த முறையில் ஒப்புதல் தர வேண்டும் என்று நீங்கள் சொல்லியிருந்தால், அவர்கள் வேறு முறையில் தரும்போது "இல்லை, சொன்னபடிதான் வேண்டும்" என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் நியாயமான நேரத்துக்குள் கேட்க வேண்டும். சும்மா இருந்தால் அவர்கள் தந்ததை ஏற்றதாக ஆகிவிடும். தேதியையும் முறையையும் நீங்கள் எழுதாவிட்டால் இந்தப் பாதுகாப்பு முழுமையாகக் கிடைக்காது.

நானாக இருந்தால் இப்படி எழுதுவேன். எண்களை உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

> பொருள்: கையெழுத்துக்கு – இணையதள வடிவமைப்பு ஒப்பந்தம், பதிப்பு 3 – ஜூன் 20 மாலை 6 மணிக்குள்
>
> வணக்கம் சார்,
>
> நாம் பேசி முடித்தபடி ஒப்பந்தத்தை (பதிப்பு 3, 7 பக்கம், பிடிஎஃப்) இணைத்திருக்கிறேன். முக்கியமானவை:
>
> கட்டணம் ரூ.1,80,000. இதற்கு மேல் 18% ஜிஎஸ்டி ரூ.32,400, ஆக மொத்தம் ரூ.2,12,400. (பிரிவு 4)
> கையெழுத்தானதும் 40%, டிசைன் ஒப்புதலானதும் 30%, தளத்தை ஒப்படைப்பதற்கு முன் 30%. (பிரிவு 4)
> இரண்டு முறை திருத்தம் கட்டணத்திலேயே அடங்கும். அதற்கு மேல் ஒவ்வொரு முறைக்கும் ரூ.6,000. (பிரிவு 5)
> படங்களும் எழுத்தும் ஜூலை 4க்குள் உங்களிடமிருந்து வர வேண்டும். தாமதமானால் ஒப்படைக்கும் தேதியும் அதே அளவு தள்ளும். (பிரிவு 6)
> முழுத்தொகை வந்த பிறகே டிசைன் உரிமை உங்கள் நிறுவனத்துக்கு மாறும். (பிரிவு 8)
>
> இது வசதிக்கான சுருக்கம் மட்டுமே. ஏதாவது வேறுபட்டால் ஒப்பந்தத்தில் இருப்பதே செல்லும்.
>
> நிர்வாக இயக்குநர் கையெழுத்திட வேண்டும். அவருடைய மெயிலுக்கு இ-சைன் லிங்க் தனியாக வரும். ஆதாரோடு இணைந்த மொபைல் எண்ணுக்கு வரும் ஓடிபி தேவைப்படும். அது சிரமம் என்றால் இன்றே சொல்லுங்கள், அச்செடுத்துக் கையெழுத்திடும் வழியை ஏற்பாடு செய்கிறேன்.
>
> ஜூன் 20, வெள்ளி மாலை 6 மணிக்குள் கையெழுத்து வந்தால் 23ஆம் தேதி வேலையைத் தொடங்க முடியும். அதன் பிறகு இந்தக் கட்டணமும் தொடக்கத் தேதியும் நிற்காது. இருவரும் கையெழுத்திட்ட பிறகே ஒப்பந்தம் நடைமுறைக்கு வரும்.
>
> மாற்றம் ஏதாவது வேண்டுமென்றால் கோப்பில் திருத்தாமல் இந்த மெயிலுக்கே பதில் எழுதுங்கள்.

சுருக்கத்தில் எதைச் சேர்ப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஏழு பக்கத்தையும் திரும்ப எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். பிற்பாடு எதைக் கேட்டு கிளையண்ட் "இதை நீங்க சொல்லவே இல்லையே" என்பார் என்று யோசியுங்கள். அதுதான் சுருக்கத்துக்கு உரியது. பணம், திருத்தம், அவர்கள் பக்கத்துப் பொறுப்பு, உரிமை, இந்த நான்கும் அநேகமாக எல்லா டிசைன் வேலைக்கும் வரும். எந்த நீதிமன்றத்தின் எல்லை, நோட்டீஸ் எந்த முகவரிக்கு என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் பிரிவு எண் போடுங்கள். அவர்களுடைய ஆடிட்டர் மெயிலை ஒரு கையிலும் ஒப்பந்தத்தை ஒரு கையிலும் வைத்துச் சரிபார்ப்பார். சுருக்கத்தில் நீங்கள் எண்ணைத் தப்பாகப் போட்டிருந்தால் அப்போதே தெரிந்துவிடும்.

உரிமை பற்றி ஒன்று. நீங்கள் அவர்களிடம் சம்பளத்துக்கு வேலை செய்பவர் அல்ல என்பதால், பணம் கொடுத்துவிட்டார்கள் என்பதற்காக டிசைனின் காப்புரிமை தானாக மாறிவிடாது. 1957ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவின்படி உரிமை மாற்றம் எழுத்தில், உங்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றும், எந்த நாட்டுக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஏற்றுமதி செய்கிற பனியன் கம்பெனிக்கு இது நிச்சயம் உறுத்தும். காலமும் நாடும் ஒப்பந்தத்தின் 8ஆம் பிரிவில் தெளிவாக இருக்கிறதா என்று அனுப்புவதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

அடுத்து, யார் கையெழுத்திடுவது? உங்களோடு இத்தனை நாள் பேசியவர் மார்க்கெட்டிங் மேனேஜராக இருக்கலாம். கம்பெனி சார்பில் கையெழுத்திடும் அதிகாரம் அவருக்கு இல்லாமலும் இருக்கலாம். தனிநபர் நிறுவனம் என்றால் உரிமையாளர், கூட்டு நிறுவனம் என்றால் பங்குதாரர், பிரைவேட் லிமிடெட் என்றால் இயக்குநரோ அவர்கள் எழுத்தில் அதிகாரம் கொடுத்தவரோ. பெயர், பதவி, மெயில், ஆதாரோடு இணைந்த மொபைல் எண் இன்னும் அவரிடம் இருக்கிறதா, இவற்றை லிங்க் அனுப்புவதற்கு முந்தைய நாளே போனில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஆதார் இ-சைன் பாதியில் நிற்பதற்கு வழக்கமான காரணம் அந்த எண்தான். பழைய நம்பர் போய் வருஷக்கணக்கில் ஆகியிருக்கும், ஓடிபி எங்கேயோ போய்க்கொண்டிருக்கும். பெரியவருக்கு அது தெரியாது, "உங்க லிங்க் வேலை செய்யலை" என்பார்.

இன்னொரு பயம் கையெழுத்தான பிறகு வரும். பிடிஎஃப்பை அடோபியில் திறந்தால் கையெழுத்தின் மேல் மஞ்சள் கேள்விக்குறியோடு `Validity unknown` என்று காட்டலாம். பெரும்பாலும், இந்தியாவின் சான்றளிக்கும் அமைப்பின் மூலச் சான்றிதழை அந்தக் கணினி இன்னும் நம்பகமானதாகச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதே அதன் பொருள். கையெழுத்து செல்லாது என்பதல்ல. சான்றிதழைச் சேர்த்துக்கொண்டால் பச்சை டிக் வரும். ஆனால் அதே கோப்பை யாராவது `Print to PDF` கொடுத்து மறுபடி சேமித்தால் டிஜிட்டல் கையெழுத்து போய்விடும், வெறும் படம்தான் மிஞ்சும். ஆகவே இ-சைன் தளத்திலிருந்து நேரடியாக இறங்கும் கோப்பையே வைத்துக்கொள்ளுங்கள்.

முத்திரைத்தாள் விஷயத்தை மறந்துவிடாதீர்கள். முத்திரை கையெழுத்துக்கு முன்போ கையெழுத்தின்போதோ இருக்க வேண்டும், பிறகு சேர்ப்பதற்கில்லை. அது இல்லாத ஒப்பந்தத்தை, தீர்வையும் அபராதமும் கட்டாமல் நீதிமன்றம் சாட்சியமாக எடுத்துக்கொள்ளாது. இ-ஸ்டாம்ப் சான்றிதழை வாங்கி முதல் பக்கமாகச் சேர்த்து, அதன் பிறகே லிங்க் உருவாக்குங்கள்.

இனி தேதி. "சீக்கிரம் அனுப்பவும்" என்பது தேதி அல்ல. வேலை தொடங்கும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி, முன்பணம் வந்து சேரவும் ஓரிரு நாள் விட்டு, கிழமையும் மணியும் போடுங்கள். இ-சைன் தளத்தில் லிங்க் காலாவதியாகும் தேதியையும் அதே நாளுக்கு வையுங்கள். மெயிலில் 20 என்றும் லிங்க்கில் 30 என்றும் இருந்தால் நீங்களே அவகாசம் கொடுத்தது போல ஆகும். நினைவூட்டல் நடுவில் ஒன்று, முந்தைய நாள் காலை ஒன்று போதும். இரண்டையும் அதே மெயில் தொடரில் அனுப்புங்கள். கோப்பை மறுபடி இணைக்காதீர்கள், எது கடைசிப் பதிப்பு என்ற குழப்பம் அங்கேதான் தொடங்கும்.

இந்த உதாரணத்தையே வைத்து, நடக்கக்கூடிய மூன்றைப் பார்ப்போம்.

18ஆம் தேதி வாட்ஸ்அப்பில் "எல்லாம் ஓகே, வேலையை ஆரம்பிங்க" என்று வருகிறது, கூடவே முன்பணமும் வந்துவிடுகிறது. சந்தோஷமான விஷயம்தான். ஆனால் நீங்கள் உடனே வேலையைத் தொடங்கினால், அதையும் அவர்கள் பணம் கட்டியதையும் வைத்து ஒப்பந்தம் உருவாகிவிட்டது என்று வாதிட இடம் இருக்கிறது. எந்தப் பதிப்பின்படி என்பதுதான் தெளிவாக இருக்காது. உரிமை மாற்றத்துக்கு வேண்டிய கையெழுத்தும் இருக்காது. அன்றே மெயிலில் எழுதுங்கள்: "முன்பணம் கிடைத்தது, நன்றி. பதிப்பு 3இல் கையெழுத்து வந்ததும் தொடங்குகிறேன்."

இரண்டாவது, அச்செடுத்துக் கையெழுத்திட்டு ஸ்கேன் அனுப்புகிறார்கள். கடைசி 30 சதவீதத்துக்கு எதிரே பேனாவால் "ஒப்படைத்து 30 நாளில்" என்று எழுதியிருக்கிறது. இது ஒப்புதல் அல்ல, அவர்கள் தரும் எதிர் முன்மொழிவு. இதில் நீங்கள் கையெழுத்திட்டால் அந்த 30 நாளை ஏற்றதாகிவிடும். சரி என்றால் பதிப்பு 4 தயாரித்துப் புதிய தேதியோடு அனுப்புங்கள். இல்லையென்றால் இல்லை என்று எழுதுங்கள். இதற்காகத்தான் கிளையண்ட் முதலில் கையெழுத்திடட்டும் என்கிறேன். திரும்பி வந்ததை ஏழு பக்கமும் புரட்டிப் பார்த்து, கடைசியில் நீங்கள் போடுங்கள்.

மூன்றாவது, சரியான கையெழுத்து, ஆனால் 25ஆம் தேதி வருகிறது. உங்கள் முன்மொழிவு 20ஆம் தேதியோடு முடிந்துவிட்டதால் இதை அவர்கள் தரப்பிலிருந்து வரும் புது முன்மொழிவாக எடுத்துக்கொள்ளலாம். உங்களுக்குச் சம்மதம் என்றால் "25 அன்று வந்த கையெழுத்தை ஏற்கிறேன், தொடக்கம் ஜூன் 30, ஒப்படைப்பு ஒரு வாரம் தள்ளும், மற்றவை பதிப்பு 3இன்படி" என்று எழுதுங்கள். அவர்கள் "சரி" என்று பதில் போட்ட பிறகு நீங்கள் கையெழுத்திட்டு, இருவர் கையெழுத்தும் உள்ள பிரதியை முன்பண இன்வாய்ஸோடு சேர்த்து அதே தொடரில் அனுப்பிவிடுங்கள்.