கடலை போட்டோவில் செடி எண்ணி விளைச்சல் கணிப்பது

கேள்வி: ஐயா, கல்லல் பக்கம் ஒரு ஏக்கர் செம்மண்ணில் கடலை போட்டிருக்கிறேன், மானாவாரி, 20 நாள் பயிர். வரப்பிலிருந்து 4 அடி கம்பைப் போட்டு போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். எத்தனை செடி இருக்கும், எத்தனை மூட்டை தேறும்?

பதில்: கம்பைப் போட்டு எடுத்தது நல்லதாகப் போயிற்று, அது இல்லாமல் படத்தில் எதையும் அளக்க முடியாது. ஆனால் சாய்வாக எடுத்த படத்தில் தூரத்துச் சால்கள் நெருங்கித் தெரியும், அங்கே பயிர் அடர்த்தி போலத் தோன்றுவதை நம்பாதீர்கள். கம்பை ஒட்டிய இரண்டு சால்களை மட்டும் எண்ணினேன். 4 அடி நீளத்துக்கு ஒன்றில் 8, மற்றதில் 6, சராசரி 7. சால் இடைவெளி ஒரு அடி, அதனால் 4 சதுர அடிக்கு 7 செடி. ஏக்கர் 43,560 சதுர அடி, ஆக சுமார் 76,000 செடி. 30க்கு 10 சென்டிமீட்டரில் முழுசாக நின்றிருந்தால் 1.35 லட்சம் வரும், பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் இருக்கிறது.

எண்ணும்போது தகரையிடம் ஏமாறக் கூடாது. கடலை இலையில் நாலு சிற்றிலை, தகரையில் பெரும்பாலும் ஆறு. உங்கள் படத்தில் வலது ஓரம் நிற்பது தகரை என்றே நினைக்கிறேன், அதைச் சேர்க்கவில்லை.

அறுவடை வரை பத்தில் ஒரு செடி போய்விடும் என்று வைத்தால் 68,000 சொச்சம் நிற்கும். செடிக்கு 12 முற்றிய காய், காய்ந்த காய் ஒன்று 0.9 கிராம் என்று போட்டால் 740 கிலோ, பிடுங்கும்போது மண்ணில் அறுந்து நிற்பதற்குப் பத்தில் ஒரு பங்கைக் கழித்தால் 666 கிலோ. 40 கிலோ மூட்டைக்கு 16 மூட்டை. விழுது இறங்கும் சமயம் மழை ஏமாற்றி 8 காய்தான் பிடித்தது என்றால் அதே வயலில் 11 மூட்டைதான். இப்போதைக்கு வியாபாரியிடம் பேச்சுக் கொடுக்க வேண்டாம், காய் எண்ணிக்கை இன்னும் யாருக்கும் தெரியாது.

அப்புறம், இது வரப்போரத்துக் கணக்கு. நடு வயல் வேறு மாதிரி இருக்கலாம். மூலைவிட்டமாக நடந்து ஐந்து இடத்தில், கயிற்றால் ஒரு மீட்டர் சதுரம் கட்டி, நேர் மேலிருந்து போட்டோ எடுங்கள். ஐந்தின் சராசரியை 4,047ஆல் பெருக்கினால் ஏக்கருக்குச் செடி. இந்த வாரமே செய்யுங்கள், இலை மூடிவிட்டால் எண்ண முடியாது. வெறுமையான இடத்தில் மண்ணைக் கிளறிப் பாருங்கள்: விதையே இல்லாமல் குழி மட்டும் இருந்தால் மயிலோ காக்காயோ, விதை அழுகிக் கருப்புப் பொடி படிந்திருந்தால் கழுத்தழுகல். அடுத்த விதைப்பில் எதைச் செய்வது என்பது அதைப் பொறுத்தது, அந்த விதையையும் படம் எடுத்து அனுப்புங்கள். 90 நாள் தாண்டியதும் அதே ஐந்து இடத்தில் இரண்டிரண்டு செடி பிடுங்கி, பொக்கை விட்டுவிட்டு முற்றிய காயை எண்ணி, 12 என்ற இடத்தில் அந்தச் சராசரியைப் போட்டுக்கொள்ளுங்கள்.