அம்மாவின் உயிலை எப்படிப் படிப்பது?

"அம்மா உயிலில் வீடு அப்பாவுக்கு ஆயுள் வரை, பிறகு எனக்கு 2 லட்சம் கொடுத்தால்தான் தம்பிக்கு என்று இருக்கிறது. முத்துச்சங்கிலி எனக்கு. மாமா நிறைவேற்றுநர். வீடு மாமா கைக்குப் போய்விடுமா?"

போகாது. மாமா பொறுப்பாளர்தான். அம்மாவின் சொத்தைத் திரட்டி, முதலில் ஈமச் செலவையும் கடனையும் அடைத்து, மீதியை உயில்படி பிரித்துத் தருவது அவர் வேலை. இந்திய வாரிசுரிமைச் சட்டம் 1925-இன்படி இதற்கு ஒரு வருடம் வரை அவகாசம் உண்டு. அதனால் மூன்றாம் மாதமே அவரோடு சண்டைக்குப் போகாதீர்கள்.

'ஆயுள் வரை' என்றால் அப்பா குடியிருக்கலாம், வாடகைக்கு விடலாம். முழு வீட்டையும் விற்கவோ, வேறொருவருக்கு எழுதிவைக்கவோ முடியாது.

'கொடுத்தால்தான்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பணம் கொடுக்காமல் தம்பி வீட்டைக் கேட்க முடியாது. வெறுமனே 'கொடுக்க வேண்டும்' என்றிருந்தால், வீடு அவருக்கு வந்து, உங்கள் தொகை அவர் தர வேண்டிய கடனாக மட்டும் நிற்கலாம். அசல் உயிலில் இந்த வரியை வக்கீலிடம் காட்டுங்கள்.

அப்புறம் சங்கிலி. அம்மா அதை உயிரோடு இருக்கும்போதே விற்றிருந்தால் அந்தப் பங்கு போனதுதான், ஈடாகப் பணம் கேட்க முடியாது. அடகில் இருந்தால் கதை வேறு. உயிலில் வேறு மாதிரி சொல்லவில்லை என்றால், மீட்கும் செலவை நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.