அமிலம் விட்ட போத்தலில் குளோரைட்டு ஏன் கூடிப் போகிறது?

"அண்ணா, கல்லடியில் கடற்கரைக்குக் கிட்ட உள்ள ஒரு வீட்டுக் கிணற்றில் இரண்டு போத்தல் தண்ணீர் எடுத்தேன். ஒன்றில் எதுவும் விடவில்லை, மற்றதில் உலோகம் பார்ப்பதற்காக லீற்றருக்கு 2 மில்லிலீற்றர் செறிந்த நைத்திரிக்கமிலம் விட்டிருந்தேன். இரண்டிலும் 25 மில்லிலீற்றர் எடுத்து 100 ஆக்கி, குரோமேற்று காட்டியோடு 0.0141 M வெள்ளி நைத்திரேற்றால் நியமித்தேன். முதலாவதற்கு 13.6 மில்லிலீற்றர் போனது. அமிலம் விட்டதில் 25 தாண்டியும் சிவப்பு வரவே இல்லை. பிறகு அதில் இன்னொரு பங்கை எடுத்து, பாசிச்சாயத்தாள் நீலமாகும் வரை அமோனியா விட்டுச் செய்தேன், 17.1 வந்தது. வெற்று நியமிப்பு 0.2. எதை எழுதுவது?"

13.6ஐ எழுதுங்கள், தங்கச்சி. வெற்றைக் கழித்தால் 13.4. அதை 0.0141 ஆலும், ஒரு மூல் குளோரைட்டின் மில்லிகிராம் திணிவான 35,450 ஆலும் பெருக்கி 25 ஆல் வகுத்தால் லீற்றருக்கு 268 மில்லிகிராம் குளோரைட்டு. 17.1ஐ எடுத்திருந்தால் 338 என்று எழுதியிருப்பீர்கள். உப்புச் சுவை தெரியத் தொடங்கும் 250 என்ற அளவை அந்தக் கிணறு கொஞ்சம்தான் தாண்டியிருக்கிறது. 338 என்று எழுதிக் கொடுத்தால் அந்த வீட்டுக்காரர் கிணற்றையே கைவிட நினைக்கலாம், ஆகவே இந்த வித்தியாசம் சின்னது இல்லை.

இப்போது அந்த இரண்டாவது போத்தலில் என்ன நடந்தது என்று பார்ப்போம். வெள்ளி முதலில் குளோரைட்டைத்தான் பிடிக்கும், வெள்ளை வீழ்படிவு வரும். குளோரைட்டு கிட்டத்தட்ட முடிந்த பிறகுதான் வெள்ளி அயன் கரைசலில் கொஞ்சம் மிஞ்சும், அந்த மிச்சம் குரோமேற்றோடு சேர்ந்து செங்கல் நிறத்தில் படியும். 100 மில்லிலீற்றருக்கு 5% பொற்றாசியம் குரோமேற்று 1 மில்லிலீற்றர் என்று சும்மா வைக்கவில்லை. அந்த அளவு குரோமேற்று இருந்தால், குளோரைட்டு முடியும் புள்ளிக்கு மிகக் கிட்டவே சிவப்பு தொடங்கும். அதாவது நாங்கள் முடிவுப்புள்ளி என்று பார்ப்பது, தண்ணீரில் CrO₄²⁻ எவ்வளவு இருக்கிறது என்பதில் தொங்கிக்கொண்டிருக்கிறது. காட்டிப் போத்தலில் இருந்து எவ்வளவு விட்டோம் என்பதில் இல்லை.

அமிலம் இருந்தால் அந்தக் குரோமேற்று ஐதரசன் அயனைப் பிடித்து HCrO₄⁻ ஆகிவிடும், அதில் ஒரு பங்கு இரண்டிரண்டாகச் சேர்ந்து இருகுரோமேற்றாகும்.

```
CrO₄²⁻ + H⁺ ⇌ HCrO₄⁻
2 HCrO₄⁻ ⇌ Cr₂O₇²⁻ + H₂O
```

pH 6.5 வரும்போதே ஏறத்தாழப் பாதிக் குரோமேற்று இப்படிப் போய்விடும். உங்கள் போத்தலில் 25ஐ 100 ஆக்கிய பிறகும் pH ஏறத்தாழ 2தான், அங்கே பத்தாயிரத்தில் ஒரு பங்குகூடக் குரோமேற்றாக நிற்காது. காட்டியை விட்டவுடன் தண்ணீர் எலுமிச்சை மஞ்சளாக இல்லாமல் செம்மஞ்சளாகப் போயிருக்குமே, கவனித்தீர்களா? அந்த நிறத்தைக் கண்டால் அளவியைத் திறக்கவே வேண்டாம். சிவப்பு படிய இன்னும் எத்தனையோ மடங்கு வெள்ளி வேண்டும். என் கணக்குக்கு 45 மில்லிலீற்றர் தாண்டித்தான் அங்கே ஏதாவது தெரியும்.

நிறமே வராத இந்த நிலையில் ஆபத்து குறைவு, ஏதோ பிழை என்று நமக்கே தெரிந்துவிடுகிறது. எனக்குப் பயம் pH 4.5 மாதிரி இலேசான அமிலத் தண்ணீர்தான். அதில் சிவப்பு ஒழுங்காக வரும், ஆனால் ஏறத்தாழ ஒன்றரை மில்லிலீற்றர் பிந்தி வரும். பிந்துகிற அளவு குளோரைட்டு கூடினாலும் குறைந்தாலும் பெரிதாக மாறாது, ஆகவே உப்புக் கிணற்றில் அது கண்ணில் படாது. லீற்றருக்கு 15 மில்லிகிராம் குளோரைட்டு உள்ள குளத்துத் தண்ணீரை 100 மில்லிலீற்றர் எடுத்துச் செய்தால் 3 மில்லிலீற்றர் போக வேண்டிய இடத்தில் நாலரை போகும், விடை ஒன்றரை மடங்கு.

அமோனியா விட்டதுதான் அடுத்த பிழை. அமிலம் போனது உண்மை, ஆனால் இடத்துக்கு அமோனியம் வந்து உட்கார்ந்துவிட்டது. பாசிச்சாயத்தாள் நன்றாக நீலமாகும்போது pH 8ஐத் தாண்டியிருக்கும், அப்போது அமோனியத்தில் ஒரு பங்கு சுயாதீன அமோனியாவாக இருக்கும். அது வெள்ளியைப் பிடித்து Ag(NH₃)₂⁺ என்ற சிக்கலயனாக்கிக் கரைசலிலேயே வைத்துக்கொள்ளும். உங்கள் 3.5 மில்லிலீற்றர் வெள்ளி அங்கேதான் போனது. அமோனியம் உள்ள தண்ணீர் என்றால், மலசலகூடக் குழிக்குக் கிட்ட உள்ள கிணறுகளிலும் இது வரும், pHஐ 7.2க்கு மேல் விடக்கூடாது. மற்றபடி 7 முதல் 10 வரை பரவாயில்லை, நான் என்றால் 7 முதல் 8.5க்குள் நிற்பாட்டுவேன்.

மேல் பக்கமும் ஒரு எல்லை இருக்கிறது. புதிதாகக் கொங்கிறீற்று வளையம் இறக்கிய கிணறு, புதுச் சீமெந்துத் தொட்டி, இவற்றின் தண்ணீரில் pH 10ஐத் தாண்டலாம். அங்கே வெள்ளி நைத்திரேற்றுத் துளி விழுந்த இடத்திலேயே கபில நிறத்தில் வெள்ளி ஒட்சைட்டு வரும், குளோரைட்டுக்குப் போக வேண்டிய வெள்ளியில் ஒரு பகுதி அதிலே போகும். வீழ்படிவு வெள்ளையாக இல்லாமல் அழுக்குச் சாம்பலாகத் தெரிந்தால் நிற்பாட்டிவிட்டு, ஐதான சல்பூரிக்கமிலத்தால் pHஐ இறக்குங்கள். ஐதரோக்குளோரிக்கமிலம் வேண்டவே வேண்டாம், அது குளோரைட்டைக் கொண்டுவந்து சேர்க்கும்.

குளோரைட்டு பார்க்கிற போத்தலுக்கு அமிலமே தேவையில்லை. சுத்தமான பிளாஸ்டிக் போத்தலில் மூடி வைத்தால் 28 நாள் வரை ஒன்றும் ஆகாது. சரி, அமிலம் விட்ட போத்தல் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், 25 மில்லிலீற்றரை எடுத்து அதில் ஆய்வுகூடச் சோடியமிருகாபனேற்று 0.1 முதல் 0.2 கிராம் போடுங்கள். நுரை அடங்கும் வரை கலக்கி, 100 ஆக்கி, pH மானியால் பார்த்துவிட்டு அதன் பிறகு காட்டியை விடுங்கள். இருகாபனேற்றின் நல்ல குணம், கொஞ்சம் கூடிப்போனாலும் pH 8.3 அளவில் நின்றுவிடும். சோடியம் ஐதரொட்சைட்டு அப்படி இல்லை, ஒரு துளி தாண்டினால் நேரே 11க்குப் போகும்.

உங்கள் கையில் இது சரியாக வருகிறதா என்று பார்க்க ஒரு வழி சொல்கிறேன். 140 பாகையில் உலர்த்திய சோடியம் குளோரைட்டு 0.824 கிராமை 1 லீற்றரில் கரைத்தால் அதுவும் 0.0141 M. அதில் 10 மில்லிலீற்றர் எடுத்து, கிணற்றுப் பங்கில் இருந்த அளவு நைத்திரிக்கமிலம், அதே அளவு இருகாபனேற்று எல்லாம் போட்டு நியமியுங்கள். வெற்றையும் அதே மாதிரிச் செய்து கழித்தால் 10.0 வர வேண்டும். 10.3, 10.4 என்று வந்தால் pHஐ மறுபடி பாருங்கள், அல்லது சிவப்பு நன்றாகத் தெரியும் வரை விட்டுக்கொண்டு போகிறீர்கள். மஞ்சளில் முதல் செம்மை கலந்து, ஆட்டிய பிறகும் போகாமல் நிற்கிற இடம்தான் முடிவு. வெற்றிலும் அதே நிறத்தில்தான் நிற்பாட்ட வேண்டும்.

இன்னொன்று, நியமித்த கரைசலை வெளியில் ஊற்ற வேண்டாம். அதில் உள்ள ஆறு வலுவளவுக் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது, கையுறையோடுதான் தொட வேண்டும். கல்லடி மாதிரி மணல் நிலத்தில் கொட்டியது அப்படியே கீழே இறங்கி யாருடையதோ கிணற்றுக்குப் போய்விடும். ஒரு பெரிய போத்தலில் சேர்த்து, பெயர் ஒட்டி, இரசாயனக் கழிவாக ஒப்படையுங்கள்.