வாசகம் அவர்கள் பேச்சிலேயே இருக்கிறது

கேள்வி: வீட்டுக்கே போய் வாஷிங் மெஷின், ஃபிரிட்ஜ் பழுது பார்த்துக் கொடுக்கும் சிறிய நிறுவனம் நடத்துகிறேன். விளம்பரத்துக்கு ஒரு வாசகம் வேண்டும். ‘தரமே எங்கள் தாரக மந்திரம்’ என்று எழுதினேன். எனக்கே அலுப்பாக இருந்தது. எழுதுவதற்கு முன் நாலு வாடிக்கையாளர்களிடம் பேசிப் பார் என்கிறார் நண்பர். அவர்கள் என்ன எழுத்தாளர்களா? அவர்களிடம் எதைக் கேட்பது?

பதில்: நண்பர் சொல்வது சரிதான், ஆனால் அவர்களிடம் வாசகத்தைக் கேட்காதீர்கள். ‘எங்களுக்கு ஒரு நல்ல வரி சொல்லுங்கள்’ என்று கேட்டால், எதிரில் இருப்பவர் தாம் எங்கெங்கோ பார்த்த விளம்பரங்களையெல்லாம் நினைவுக்குக் கொண்டுவந்து, உங்கள் தாரக மந்திரத்தையே சற்று மாற்றி உங்களிடம் திருப்பித் தந்துவிடுவார். நடந்த கதையைக் கேளுங்கள். மெஷின் நின்றுபோன அன்று வீட்டில் என்ன நடந்தது, உங்களை அழைப்பதற்கு முன் வேறு என்ன செய்து பார்த்தார்கள், அழைக்கும்போது எதை நினைத்துத் தயங்கினார்கள், வேலை முடிந்து உங்கள் ஆள் கிளம்பிய பிறகு வீட்டில் இருந்தவர்களிடம் என்ன சொன்னார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டால் போதும். கதை சொல்லும் மனிதர் யாராக இருந்தாலும் நல்ல சொற்கள் தாமாக வந்து விழும்.

கடந்த இரண்டு மூன்று மாதங்களுக்குள் உங்களை அழைத்தவர்களில் ஆறு பேரைத் தேர்ந்தெடுங்கள். அதற்கு மேல் நாளானால் நடந்தது மறந்து, பொதுவான பாராட்டு மட்டுமே மிஞ்சும். உறவினரும் நண்பர்களும் வேண்டாம். அந்த ஆறு பேரில் ஒருவராவது உங்களிடம் விசாரித்துவிட்டு வேறு ஆளை அழைத்தவராக இருப்பது நல்லது. தனித்தனியாகத் தொலைபேசியில் அரை மணி நேரம் பேசினால் போதும். அமெரிக்க ஆய்வாளர்களான ஆபி கிரிஃபினும் ஜான் ஹவுசரும் 1993-இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பொருளைக் குறித்து வாடிக்கையாளர்களுக்கு உள்ள தேவைகளில் பெரும்பாலானவற்றைத் திரட்ட 20 முதல் 30 பேரிடம் பேச வேண்டியிருக்கும் என்று காட்டியது. நீங்கள் தேடுவது எல்லாத் தேவைகளின் பட்டியல் அல்ல, ஒரே ஒரு வரி. அதற்கு ஆறு பேர் போதும். ஆனால் ஆறில் நான்கு பேர் சொன்னதை வைத்து ‘வாடிக்கையாளர்களில் மூன்றில் இரண்டு பங்கினர்’ என்று கணக்குப் போட்டு விளம்பரத்தில் எழுதிவிடக் கூடாது.

வீட்டுச் சாமான்களை இடம் மாற்றிக் கொடுக்கும் ஒரு நிறுவனத்துக்காக நான் இந்த வேலையைச் செய்திருக்கிறேன். ‘பத்திரமாகவும் விரைவாகவும்’ என்பதுதான் அதன் உரிமையாளரின் மனத்தில் இருந்த வரி. ஆறு பேரிடம் பேசினேன். சாமான்கள் உடையாமல் வந்தனவா என்று நானாகக் கேட்டபோது ஆறு பேருமே ‘ஆமா, பத்திரமா வந்துச்சு’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போனார்கள். நான் கேட்காமலேயே நான்கு பேர் நீட்டிச் சொன்ன விஷயம் வேறு: புது வீட்டில் முதல் இரவு. முன்பு ஒருமுறை வீடு மாறியபோது சோப்பைத் தேடி நள்ளிரவு வரை பெட்டி பெட்டியாகப் பிரித்ததை ஒருவர் சொன்னார். குழந்தையின் போர்வை கிடைக்காமல் துண்டைப் போர்த்தித் தூங்கவைத்ததை இன்னொருவர் சொன்னார். இந்த நிறுவனத்தைப் பற்றிப் பேசும்போது ஓர் அம்மையார், ‘இந்தத் தடவ முதல் ராத்திரியே தலகாணி கையில கிடைச்சிடுச்சு’ என்றார். அதைச் சொன்ன பிறகு அவரே சிரித்துவிட்டார். அந்த நிறுவனத்தின் ஆட்கள் படுக்கைச் சாமான் பெட்டியைக் கடைசியாக வண்டியில் ஏற்றி, முதலில் இறக்குவது வழக்கமாம். அது விளம்பரத்துக்கு உரிய செய்தி என்று உரிமையாளருக்கு ஒருநாளும் தோன்றியதில்லை. ‘முதல் ராத்திரியே தலகாணி கிடைக்கும்’ என்பதே வாசகமாயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது, தலையணையைச் சொன்னவர் ஒருவர்தான் என்பது. சொல் ஒருவருடையதாக இருக்கலாம், ஆனால் அந்தச் சொல்லுக்குப் பின்னால் இருக்கும் கவலை பலருடையதாக இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் அழகாகச் சொல்லி, மற்ற ஐந்து பேரின் பேச்சில் அந்த விஷயமே வராவிட்டால், அதை எவ்வளவு பிடித்திருந்தாலும் ஒதுக்கிவிடுங்கள்.

உங்கள் வேலை கெடக்கூடிய இடங்கள் இரண்டு. முதலாவது, சொல்லை நீங்களே எடுத்துக் கொடுப்பது. ‘எங்கள் ஆள் விரைவாக வந்தாரா?’ என்று கேட்டால் ‘ஆமாம், விரைவாக வந்தார்’ என்ற பதில்தான் வரும். பிறகு அந்தச் சொல் அவருடையதா உங்களுடையதா என்று பிரித்தறிய முடியாது. அவர் பேசி முடித்ததும் சில நொடிகள் சும்மா இருங்கள். அந்த இடைவெளியை நிரப்புவதற்காக அவர் சேர்க்கும் வாக்கியம் பல நேரங்களில் முதலில் சொன்னதைவிட நன்றாக இருக்கும்.

இரண்டாவது, நம் மொழியில் கூடுதலாக உள்ள ஆபத்து. ஒருவர் பேசுவதைக் கேட்டு எழுதும்போது நம் கை தானாகவே அதை எழுத்துத் தமிழாக்கிவிடுகிறது. ‘நாள் முழுக்க வாசலப் பாத்துக்கிட்டே காத்துக் கிடந்தேன்’ என்று அவர் சொல்லியிருப்பார். குறிப்பேட்டில் ‘நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது’ என்று இருக்கும். வாசலும் போயிற்று, ‘கிடந்தேன்’ என்பதில் இருந்த எரிச்சலும் போயிற்று. தொடக்கத்தில் நான் இப்படித்தான் குறிப்பெடுத்து, ஒரு வாரம் கழித்துப் படித்தபோது ஆறு பேரும் ஒரே ஆள் பேசியதுபோல் இருப்பதைக் கண்டு மறுபடியும் எல்லோரையும் அழைத்தேன். ஆகவே அனுமதி கேட்டுப் பதிவு செய்யுங்கள்; பிறகு பேச்சில் வந்த உச்சரிப்போடு, இழுவையும் தயக்கமும் உட்பட, அப்படியே எழுதுங்கள். எழுதியதில் பொருள்களின் பெயர்களையும், உடலோடு தொடர்புள்ள வினைகளையும், ‘முன்னெல்லாம்’, ‘இந்தத் தடவை’ என்று ஒப்பிட்டுப் பேசும் இடங்களையும் அடிக்கோடிட்டால் உங்கள் வாசகம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அதை வெட்டிச் சுருக்கலாம், ஆனால் ஒரு சொல்லை எடுத்துவிட்டு அதன் இடத்தில் கௌரவமான இன்னொரு சொல்லை வைக்காதீர்கள். ‘தலகாணி’யைத் ‘தலையணை’ ஆக்கலாமா என்று அந்த உரிமையாளர் இரண்டு நாள் என்னோடு வாதிட்டார்.

அவர்களுடைய சொற்றொடரைப் பெயர் போடாமல் வாசகமாக்குவதானாலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பெயரோடு போடுவதானால் ஒப்புதலை எழுத்தில் வாங்குங்கள்.

உங்கள் தொழிலில் அநேகமாக இந்தக் காத்துக் கிடக்கும் பேச்சுதான் வரும் என்பது என் ஊகம், எனினும் இதை மனத்தில் வைத்துக்கொண்டு கேள்வி கேட்காதீர்கள். அப்படியே வந்து, ‘காத்துக் கிடக்க வேண்டாம்’ என்ற வரி உங்களுக்குப் பிடித்தும்போனால், அதை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன் கடந்த மாதத்து வேலைப் பதிவேட்டை எடுத்து, சொன்ன நேரத்துக்கும் உங்கள் ஆள் உண்மையில் போய்ச் சேர்ந்த நேரத்துக்கும் உள்ள இடைவெளியை ஒவ்வொரு வீட்டுக்கும் எழுதிப் பாருங்கள். அது அடிக்கடி இரண்டு மணி நேரத்தைத் தாண்டினால், அந்த வரியை இப்போதைக்கு வைத்துக்கொள்ளாமல், அடிக்கோடிட்டவற்றில் அடுத்து இருப்பதை எடுங்கள்.