ஆய்வேட்டின் இயலை இதழ்க் கட்டுரையாக்குவது

"என் ஆய்வேடு ஷோத்கங்கா இணையக் களஞ்சியத்தில் ஏறிவிட்டது. மூன்றாம் இயலை இதழுக்கு அனுப்பினால் கருத்துத் திருட்டு ஆகிவிடுமா?"

மறைக்காமல் அனுப்பினால் ஆகாது. எல்சேவியர் போன்ற பதிப்பகங்கள் ஆய்வேட்டை முன்வெளியீடாகக் கருதுவதில்லை. ஆனாலும் இதழின் விதியைப் பார்த்துவிடுங்கள்.

வில்லங்கம், கட்டுரை பிற மூலங்களோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் காட்டும் ஒப்புமை அறிக்கையில்தான். என் கட்டுரைக்கு 58 சதவீதம் காட்டியது. பெரும்பகுதி என் ஆய்வேடேதான். "இது என் ஆய்வேட்டின் 3ஆம் இயல்" என்று முகப்புக் கடிதத்தில் இணைப்போடு எழுதியிருந்ததால், ஆசிரியர் அந்த மூலத்தை மட்டும் விலக்கிப் பார்த்தார், 6 ஆனது.

பெயர் மறைத்து மதிப்பிடும் இதழ் என்றால் இணைப்பு கடிதத்தில் மட்டும் இருக்கட்டும். கட்டுரைக்குள் வைத்தால் மதிப்பீட்டாளருக்கு உங்கள் பெயர் தெரிந்துவிடும். இதழ் கட்டுரையை ஏற்றபின் அடிக்குறிப்பாகச் சேருங்கள்.

நாற்பது பக்க இலக்கிய மீளாய்வையும் அப்படியே அனுப்பாதீர்கள். இரண்டு பக்கம் போதும்.