பரிந்துரைக் கடிதம்: டெட்லைனுக்கு முன் பேராசிரியருக்கு நினைவூட்டுவது எப்படி?

கேள்வி (மதுரை, ட்ரிபிள் ஈ இறுதியாண்டு மாணவி): அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க ஆறு பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பிக்கிறேன். முதல் டெட்லைன் டிசம்பர் 15. சார் அக்டோபரிலேயே "கண்டிப்பா தரேன்மா" என்றார். நவம்பர் கடைசி ஆகிவிட்டது, ஒன்றுகூடப் போகவில்லை. திரும்பக் கேட்டால் கோபித்துக்கொள்வாரா?

கேட்பதற்கு முன்னால் ஒன்றைப் பாருங்கள். கடிதத்தைப் போடுவதற்கான லிங்க் பல்கலைக்கழகத்திடமிருந்து அவருக்குப் போயிருக்கிறதா? சில போர்ட்டல்களில் பேராசிரியரின் பெயரையும் மின்னஞ்சலையும் போட்டுச் சேமித்தவுடனே லிங்க் போய்விடும். வேறு சிலவற்றில் நீங்கள் விண்ணப்பத்தை சப்மிட் செய்து கட்டணமும் கட்டிய பிறகுதான் போகும். இது தெரியாமல் பிள்ளைகள் காத்திருப்பார்கள், அங்கே சார் "எனக்கு ஒன்றும் வரவில்லையே" என்று இருப்பார். லிங்க் ஸ்பேமில் கிடப்பதும் அடிக்கடி நடக்கும்.

லிங்க் போயிருந்தால் தயங்காமல் எழுதுங்கள். நவம்பர், டிசம்பரில் அவருக்குத் தேர்வுப் பணியும் விடைத்தாள் திருத்தமும் சேர்ந்து வரும். உங்கள் கடிதம் மறந்துபோவதற்கு அதுவே போதும், உங்கள்மேல் மனத்தாங்கல் இருக்க வேண்டியதில்லை. நானும் பல ஆண்டுகள் கல்லூரியில் இருந்து இந்தக் கடிதங்களை எழுதியவன்தான். நல்ல நினைவூட்டல் வந்தால் எனக்கு நிம்மதியாகத்தான் இருக்கும்.

மெயில் இவ்வளவு போதும். ஆங்கிலத்தில் அனுப்பினாலும் விஷயம் இதுதான்:

*"வணக்கம் சார். எனக்காகக் கடிதம் எழுத ஒப்புக்கொண்டதற்கு நன்றி. முதல் டெட்லைன் டிசம்பர் 15, நம் நேரப்படி 16ஆம் தேதி காலை 10.29 வரை. அந்தப் பல்கலைக்கழகத்தின் லிங்க் நவம்பர் 20 அன்று உங்கள் கல்லூரி மெயிலுக்கு வந்திருக்கும், ஸ்பேமிலும் ஒருமுறை பார்க்க வேண்டுகிறேன். கிடைக்கவில்லை என்றால் உடனே மறுபடி அனுப்பச் செய்கிறேன். ஆறு பல்கலைக்கழகங்களின் தேதிகளையும், உங்களிடம் படித்தபோது நான் செய்தவற்றின் ஒரு பக்கக் குறிப்பையும் இணைத்திருக்கிறேன்."*

"என்னாச்சு சார்" என்று ஒரு வரி மட்டும் அனுப்பினால் அவர் பழைய மெயில்களைத் தோண்ட வேண்டும். தோண்ட நேரமில்லாமல் தள்ளிப்போடுவார்.

கேள்வி (அதே மாணவி): அந்த 10.29 எப்படி வந்தது?

அந்தப் பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் இரவு 11.59, அமெரிக்கக் கிழக்குக் கடற்கரை நேரம் என்று போட்டிருந்தால், குளிர்காலத்தில் நமக்கும் அவர்களுக்கும் பத்தரை மணி நேர வித்தியாசம். கலிஃபோர்னியா நேரம் என்றால் மறுநாள் பிற்பகல் 1.29. சிலர் மாலை 5 மணிக்கே மூடுகிறார்கள், அதனால் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்த்துக் குறியுங்கள். சாருக்கு இந்த மணிக்கணக்கை முழுவதும் சொன்னாலும், "13ஆம் தேதிக்குள் முடிந்தால் நன்றாக இருக்கும் சார்" என்றும் சேர்த்துக் கேளுங்கள். கல்லூரி நெட் கடைசி நாளில்தான் படுத்துக்கொள்ளும்.

கேள்வி (ஈரோடு): தினமும் காலையில் வாட்ஸ்அப்பில் நினைவூட்டினேன், நான்காம் நாளே போட்டுவிட்டார். மெயில் எல்லாம் வேலைக்காகாது.

பாதி சரி. மெயிலே பார்க்காத பேராசிரியர்கள் உண்டு, அவர்களுக்கு வாட்ஸ்அப்போ, நேரில் ஸ்டாஃப் ரூமில் போய்ப் பார்ப்பதோதான் வழி. ஆனால் தினமும் வேண்டாம். உங்களுக்காகக் கடிதம் போயிருக்கிறது, அது எந்த மனநிலையில் எழுதப்பட்டது என்பது உங்களுக்குத் தெரியப்போவதில்லை. உங்களை அனுப்பிவிட்டால் போதும் என்று எழுதியது நாலு வரிப் பொதுக் கடிதமாகவும் இருக்கலாம். டெட்லைனுக்கு இரண்டு வாரம் முன்பு ஒரு நினைவூட்டல், ஒரு வாரம் முன்பு ஒன்று, கடைசி இரண்டு நாளில் ஒரு போன். எனக்குச் சரியாகப்பட்ட அளவு இது.

கேள்வி (கோவை): ரெஸ்யூமே அனுப்பிவிட்டேனே, தனியாக எதற்கு ஒரு குறிப்பு?

ரெஸ்யூமேவில் இருப்பதைப் பல்கலைக்கழகம் ஏற்கெனவே பார்த்துவிடும். கடிதத்தில் வர வேண்டியது அந்தப் பேராசிரியர் கண்ணால் பார்த்தது. வருடத்துக்கு நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பார்ப்பவருக்கு உங்கள் முகம் நினைவிருக்கும், நீங்கள் செய்தது நினைவிருக்காது.

ஒரு உதாரணம். ஒரு மாணவர் முதலில் இப்படி எழுதிக் கொண்டுவந்தார்: "கடின உழைப்பாளி, தலைமைப் பண்பு உள்ளவன், பவர் எலக்ட்ரானிக்ஸில் ஆர்வம், ப்ராஜெக்ட் செய்தேன்." இதை வைத்து யாராலும் எதுவும் எழுத முடியாது. உட்கார வைத்துப் பேசிய பிறகு அது இப்படி மாறியது:

*"ஐந்தாம் செமஸ்டர், பவர் எலக்ட்ரானிக்ஸ் லேப். 24 வோல்ட்டை 12 ஆகக் குறைக்கும் பக் கன்வெர்ட்டர். மாஸ்ஃபெட் சூடாகிக்கொண்டே இருந்தது. நீங்கள் ஆஸிலோஸ்கோப்பில் கேட் சிக்னலைப் பார்க்கச் சொன்னீர்கள். டிரைவரிலிருந்து கேட் வரை வயர் நீளமாக இருந்ததால் சிக்னல் அதிர்வதைக் கண்டு, போர்டை மாற்றி வயரைக் குறைத்தேன். சூடு குறைந்தது. அதை ஜூனியர்களுக்கு விளக்கச் சொன்னீர்கள்."*

இதைப் படித்ததும் அந்த லேப் சாருக்குக் கண்முன் வந்துவிடும். மீதியை அவரே எழுதுவார். இப்படி இரண்டு சம்பவம், அவரிடம் படித்த பாடங்களும் கிரேடும், எந்தத் துறைக்கு ஏன் போகிறீர்கள் என்று இரண்டு வரி. ஒரு பக்கம் தாண்ட வேண்டாம். மூன்று பேரிடம் கடிதம் கேட்டால் மூன்று குறிப்பு வேண்டும். இல்லையென்றால் மூன்று கடிதமும் ஒரே கதையைச் சொல்லும்.

கேள்வி (திருச்சி): இந்தச் சாதனைக் குறிப்பைப் போர்ட்டலில் எங்கே அப்லோட் செய்வது?

எங்கேயும் இல்லை. இது பேராசிரியரின் கைக்கு மட்டும். பல்கலைக்கழகத்துக்கு உங்கள் ரெஸ்யூமேவும் எஸ்.ஓ.பி.யும் போகும்.

கேள்வி (சென்னை, ஐந்து வருடமாக வேலையில்): என் கைடு ஓய்வு பெற்றுவிட்டார். ஜிமெயில்தான் இருக்கிறது. சில போர்ட்டல்கள் நிறுவன மெயில் கேட்கின்றன.

அந்தப் பல்கலைக்கழகத்தின் அட்மிஷன் அலுவலகத்துக்கு மெயில் போட்டு, ஓய்வு பெற்றவர் என்று விளக்கிக் கேளுங்கள். எந்த முடிவு சொல்வார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும், அதனால் நவம்பரிலேயே கேட்டுவிடுங்கள். உங்கள் குறிப்பில் படித்த ஆண்டையும் ப்ராஜெக்ட் தலைப்பையும் முதல் வரியிலேயே போடுங்கள். ஐந்து வருடம் அவருக்கு நீளமான காலம்.

கேள்வி (சேலம்): "நீயே எழுதிக் கொண்டுவா, நான் போட்டுவிடுகிறேன்" என்கிறார் சார். குறிப்பு கொடுத்தாலும் வாங்க மாட்டேன் என்கிறார்.

இது நம் கல்லூரிகளில் பரவலாக இருக்கிறது, அது சரியென்று என்னால் சொல்ல முடியாது. கடிதம் அவருடையது என்று நம்பித்தான் அங்கே படிக்கிறார்கள். குறிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, "பத்து நிமிஷம் நேரம் கொடுங்க சார், நீங்க சொல்லச் சொல்ல நான் குறித்துக்கொள்கிறேன்" என்று கேட்டுப் பாருங்கள். அதற்கும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் வேறு ஆசிரியரைத் தேடுவதுதான் என் யோசனை. வேறு ஆள் கிடைக்காத சின்னக் கல்லூரியில் என்ன செய்வது என்று கேட்டால், என்னிடம் நல்ல பதில் இல்லை.

கருத்து (திருநெல்வேலி, உதவிப் பேராசிரியை): ஒன்று சேர்க்கிறேன். தேதிகளை ஒரே அட்டவணையில் கொடுங்கள், டெட்லைன் வரிசைப்படி. குறிப்பை பிடிஎஃப்பாகக் கொடுக்காதீர்கள், வேர்டில் கொடுத்தால் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம்.

அட்டவணை விஷயத்தில் முழு உடன்பாடு. வேர்ட் ஃபைல் விஷயத்தில் இல்லை மேடம். எடுத்துப் போட்டால் மாணவரின் வரிகளே கடிதத்தில் வந்துவிடும், அது படிப்பவருக்குத் தெரியும். உங்கள் நேர நெருக்கடியும் புரிகிறது.

கேள்வி (வேலூர்): டெட்லைன் நேற்றே முடிந்துவிட்டது, ஒரு கடிதம் மட்டும் பாக்கி.

உங்கள் விண்ணப்பம் நேரத்துக்குள் சப்மிட் ஆகியிருந்தால் பதற வேண்டாம். கடிதங்களுக்குச் சில நாள் கூடுதலாகத் தரும் துறைகள் உண்டு, தராதவையும் உண்டு. இன்றே துறைக்கு மெயில் போடுங்கள். போர்ட்டலில் லிங்க்கை மறுபடி அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு, சாருக்குப் போன் செய்யுங்கள். போனில் டெட்லைன் தாண்டிவிட்டது என்று குறைசொல்லாமல், "லிங்க் இன்னும் திறந்திருக்கிறது சார், இப்போது போட்டாலும் எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டிருக்கிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள்.