ஷீட் கூரையில் வென்ட் பைப் ஓரம் ஒழுகினால்

கேள்வி: கலர் ஷீட் கூரையில் 4 இஞ்ச் வென்ட் பைப்பைச் சுற்றி ரெண்டு தடவை சிலிக்கான் அடிச்சும் ஒழுகுது. என்ன பண்றது?

மூன்றாவது தடவை அடித்தாலும் ஒழுகத்தான் செய்யும். 3 மீட்டர் பிவிசி பைப், 30 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் சுமார் 5 மி.மீ. நீளும், சுருங்கும். அந்த அசைவில் சிலிக்கான் பைப்பை விட்டுப் பிரிந்துவிடும்.

இதற்கு இபிடிஎம் ரப்பர் பூட் போடுங்கள், அதாவது பைப்பின் மேல் மாட்டும், சதுர அடித்தட்டு உள்ள கூம்பு வடிவ ரப்பர் உறை. பழைய சிலிக்கானைச் சுத்தமாகச் சுரண்டி எடுங்கள். ஷீட் துளை பைப்பை உரசக் கூடாது, சுற்றிலும் கொஞ்சம் இடைவெளி வேண்டும். ரப்பர் பூட்டின் கூம்பை, அதன் துளை பைப் விட்டத்தைவிட 20 சதவீதம் சிறிதாக இருக்கும்படி வெட்டுங்கள், 110 மி.மீ. பைப்புக்குச் சுமார் 88. சோப்புத் தண்ணீர் தடவினால் இறுக்கமாக இறங்கும். கூம்புக்கும் பைப்புக்கும் இடையே பசை வேண்டாம், அங்கேதான் பைப் வழுக்க வேண்டும்.

சதுர அடித்தட்டின் ஒரு மூலை மேட்டுப் பக்கம் பார்க்கட்டும். தண்ணீர் தேங்காமல் இரண்டாகப் பிரிந்து ஓடும். அதன் ஓரத்தை ஷீட்டின் மேடு பள்ளத்துக்கு ஏற்ப அழுத்தி வளைத்து, அடியில் நியூட்ரல் சிலிக்கான் வைத்து, நெருக்கமாக ஸ்க்ரூ அடியுங்கள். புளிப்பு வாடை வரும் சிலிக்கான் ஷீட்டை அரிக்கும்.